பைப் பெண்டின் மேல் நீர் தரும் விசை: கன்ட்ரோல் வால்யூமை எங்கே வெட்டுவது?

தண்டையார் மாணவி

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் இருந்து சென்று சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரே கணக்கிற்கு எனக்கும் என் தோழிக்கும் இரு வேறு விடைகள் வருகின்றன. இருவரும் கூட்டல் கழித்தலைப் பலமுறை சரிபார்த்துவிட்டோம்; பிழை அங்கே இல்லை.

கணக்கு இதுதான். 600 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் தரைமட்டமாகக் கிடக்கிறது. நீர் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வந்து, 90 டிகிரி பெண்டில் கிழக்கே, அதாவது கடல் பக்கம், திரும்பிச் செல்கிறது. ஓட்டம் வினாடிக்கு 0.40 கன மீட்டர். பெண்டில் உள்ள அழுத்தமானி 4 பார் காட்டுகிறது. பெண்டினால் ஏற்படும் அழுத்த இழப்பைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீர் பெண்டின் மேல் செலுத்தும் விசை எவ்வளவு என்பது கேள்வி.

நான் குழாயின் உட்சுவரை ஒட்டி, நீரை மட்டும் உள்ளடக்கிய கன்ட்ரோல் வால்யூமை, அதாவது விசைகளை எழுதுவதற்கான கற்பனை எல்லைக் கோட்டை, வரைந்தேன். அதன் மேல் செயல்படும் எல்லா விசைகளையும் எழுத வேண்டும் என்று வகுப்பில் சொன்னதால், வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து 501.3 கிலோபாஸ்கல் எடுத்துக்கொண்டேன். வடக்கு, கிழக்கு ஆகிய இரு திசைகளிலும் 142.3 கிலோநியூட்டன் வந்தது. தோழி குழாயின் வெளிப்புறத்தில் கோடு வரைந்து, இரு முனைகளிலும் குழாயைச் சுவரோடு சேர்த்து வெட்டி, மானி காட்டிய 4 பாரையே வைத்து 113.7 கிலோநியூட்டன் என்று முடித்துவிட்டாள். வேறுபாடு 28.6 கிலோநியூட்டன், அதாவது கிட்டத்தட்ட மூன்று டன் எடை. கோட்டை உள்ளே வரைவதா வெளியே வரைவதா என்பதற்காக மூன்று டன் மாறுமா?

மாதவரம் சைட்

இதற்குக் கன்ட்ரோல் வால்யூமே தேவையில்லை. 2pA sin(θ/2) என்ற ஒரே வாய்பாடு போதும். 4 பார், 600 மி.மீ., 90 டிகிரி என்றால் மொத்த விசை 160 கிலோநியூட்டன், அதாவது சுமார் 16 டன். அது பெண்டின் வெளிமூலையை நோக்கித் தள்ளும்; அந்தப் பக்கம் கான்கிரீட் பிளாக் போட வேண்டும். உந்தத்தால் வரும் பகுதி எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். ஓட்ட வேகம் வினாடிக்கு 1.41 மீட்டர், அடர்த்தி, ஓட்டம், வேகம் மூன்றையும் பெருக்கினால் 566 நியூட்டன்தான் வருகிறது. 113 கிலோநியூட்டனுக்குப் பக்கத்தில் அரை கிலோநியூட்டன் என்பது கணக்கிலேயே சேராது. மாதவரத்திலிருந்து மணலி வரை நான் போட்ட பிளாக்குகள் அனைத்தும் இந்த வாய்பாட்டில் போட்டவைதான், ஒன்றும் நகரவில்லை.

உங்கள் தோழியின் விடை சரி, உங்களுடையது தவறு. வளிமண்டல அழுத்தத்தை யாரும் சேர்ப்பதில்லை.

பழைய பம்ப்ஹவுஸ்

மாணவியின் விடை தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டுமே சரியான விடைகள்தான். ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல.

உங்களை உறுத்தும் அந்த 28.6 கிலோநியூட்டனை முதலில் எடுத்துக்கொள்வோம். குழாயின் குறுக்குப் பரப்பு 0.2827 சதுர மீட்டர். அதை வளிமண்டல அழுத்தமான 101.3 கிலோபாஸ்கலால் பெருக்குங்கள், விடை 28.6. ஆக, கோட்டை உள்ளே வரைந்ததால் மூன்று டன் கூடவில்லை. காற்றின் அழுத்தத்தை ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணியதால் கூடியது.

நீங்கள் நீரை மட்டும் தனியே பிரித்தீர்கள். அந்த நீர் உட்சுவரின் மேல் செலுத்தும் உண்மையான விசை ஒவ்வொரு திசையிலும் 142.3 கிலோநியூட்டன்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அதே சுவரை வெளியிலிருந்து காற்றும் அழுத்திக்கொண்டிருக்கிறது. ஒரு பொருளைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் இருந்தால் நிகர விசை சுழியம் என்பது உங்களுக்குத் தெரியும். பெண்டைச் சுற்றிலும் வெளிக்காற்று இருக்கிறது, இரு திறந்த வாய்களில் மட்டும் இல்லை. எனவே விடுபட்ட அந்த இரு வாய்களின் அளவுக்குக் காற்றின் விசை ஈடாகாமல் மிஞ்சுகிறது. அது நீரின் தள்ளலுக்கு எதிராக, தெற்கே 28.6, கிழக்கே 28.6 என்று அமைகிறது. 142.3இல் இதைக் கழித்தால் உங்கள் தோழியின் 113.7 வந்துவிடும்.

தோழி கோட்டை வெளியே வரைந்ததால் காற்று அவருடைய எல்லைக் கோட்டின் மேலேயே எல்லாப் பக்கமும் அழுத்தி, தானே அடங்கிப்போனது. மானி அழுத்தத்தை மட்டும் எழுதினால் போதும் என்று ஆனது அதனால்தான். நீங்கள் உள்ளே வரைந்த கோட்டையே வைத்துக்கொண்டு, வெளிக்காற்றை அடுத்த படியில் தனியாகச் சேர்த்திருந்தாலும் அதே இடத்திற்கு வந்திருப்பீர்கள். வெளியிலிருந்து பெண்டைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டும் பிளாக்கும் உணர்வது 113.7 மட்டுமே. தேர்வில் "பெண்டின் மேல் விசை" என்று கேட்டால் பொதுவாக எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

படிகளை ஒருமுறை எழுதிவிடுகிறேன். வடக்கும் கிழக்கும் நேர்க்குறி. R என்பது நீரின் மேல் பெண்டு செலுத்தும் விசை. அழுத்தம் மானி அழுத்தம்.

```
வடக்கு:   p1·A + R_N = 0 − ρQV
          R_N = −(113.1 + 0.57) = −113.7 kN
கிழக்கு:  −p2·A + R_E = ρQV − 0
          R_E = +(113.1 + 0.57) = +113.7 kN
```

நீர் பெண்டின் மேல் செலுத்துவது இதற்கு நேர் எதிர்: வடக்கே 113.7, மேற்கே 113.7. இரண்டும் சேர்ந்து வடமேற்கு நோக்கி 160.7 கிலோநியூட்டன். தெற்கிலிருந்து வந்து கிழக்கே திரும்பும் குழாய்க்கு வெளிமூலை வடமேற்குதான். ஆகவே திசையும் ஒத்துவருகிறது.

மாதவரம் நண்பர் சொன்ன வாய்பாடு இதிலிருந்து பிறந்ததுதான். அதன் எல்லை எது என்பதைப் பிறகு பேசலாம்.

கொருக்குப்பேட்டை லாரி

ஐயா, பெரிய கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். நிரப்பும் இடத்தில் நாலு அங்குலக் குழாய் மண்ணிலிருந்து நேராக மேலே வந்து, வளைந்து, லாரியின் வாயில் இறங்கும். தண்ணீர் பாய்ந்துபோய் அந்த வளைவில் மோதுவதால்தான் குழாய் ஆடுகிறது என்றும், பெண்டைப் பெரியதாக மாற்றினால் ஆட்டம் நின்றுவிடும் என்றும் வெல்டர் சொல்கிறார். 9,000 லிட்டர் நிரம்ப ஆறு நிமிடம் ஆகும். எந்த அளவு பெண்டு போட்டால் ஆடாது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய பம்ப்ஹவுஸ்

தம்பி, மாணவி கேட்டது வேறு. ஆனாலும் உங்கள் குழாய் இந்த இழைக்குத் தேவையான ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது, எனவே கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஆறு நிமிடத்தில் 9,000 லிட்டர் என்றால் வினாடிக்கு 25 லிட்டர். நாலு அங்குலக் குழாயில் வேகம் வினாடிக்கு 3.2 மீட்டர் அளவில் இருக்கும். மேல் வளைவின் வாய் காற்றில் திறந்திருப்பதால் அங்கே மானி அழுத்தம் சுழியம்; வளைவுக்குச் சற்று முன்னாலும் மிகக் குறைவு. ஆகவே இங்கே pA என்ற பகுதி ஏறக்குறைய மறைந்துபோய், உந்தம் மட்டும் மிஞ்சுகிறது. அது 80 நியூட்டன், அதாவது எட்டு கிலோ எடை. மாதவரம் நண்பரின் வாய்பாட்டை இந்த வளைவில் போட்டால் விடை சுழியம் என்று வரும். புதைந்து கிடக்கும் அழுத்தக் குழாயில் உந்தத்தை ஒதுக்கலாம். திறந்த வாயில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை. எதை ஒதுக்கலாம் என்பதை இடம்தான் முடிவு செய்கிறது, வாய்பாடு அல்ல.

இனி உங்கள் ஆட்டம். எட்டு கிலோ விசையால் நாலு அங்குல இரும்புக் குழாய் அசையக்கூடாது. அது எப்போது ஆடுகிறது? நிரம்பிக்கொண்டிருக்கும்போதா, வால்வை மூடும்போதா?

கொருக்குப்பேட்டை லாரி

மூடும்போதுதான் ஐயா. நிரம்பும்போது இலேசான அதிர்வு மட்டும் இருக்கும். கைப்பிடியைத் திருப்பி மூடியவுடன் அடியிலிருந்து ஓர் உதறல் வரும். வால்வு இடுப்பு உயரத்தில், நேர்க்குழாயில் இருக்கிறது.

பழைய பம்ப்ஹவுஸ்

அப்படியானால் ஆட்டுவது மேல் வளைவு அல்ல. வால்வை மூடினால் மேலே உள்ள வளைவில் நீரே இராது. மண்ணுக்கடியில் கிடைக்குழாய் மேல்நோக்கித் திரும்பும் இடத்தில் இன்னொரு பெண்டு இருக்கிறது, உதறுவது அதுதான்.

அந்தக் குழாய் 50 மீட்டர் நீளம் என்றும், நீங்கள் இரண்டு வினாடியில் மூடுகிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டால், ஓடிவந்த நீரை நிறுத்துவதற்காகவே சராசரியாக 80 கிலோபாஸ்கல் அழுத்தம் கூடுதலாக எழும். நாலு அங்குலப் பரப்பில் அது 620 நியூட்டனுக்கு மேல். மேல் வளைவின் 80 நியூட்டனோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ எட்டு மடங்கு. கடைசி அரை வினாடியில் சட்டென்று திருகினால் இன்னும் கூடும். இது தவிர, ஓட்டம் நின்ற பிறகு குழாயின் முழு நிலை அழுத்தமும் அந்த அடிப் பெண்டின் மேல் வந்து உட்காரும். பெரிய பெண்டு இதைக் குறைக்காது. வால்வை நிதானமாக மூடுங்கள். அடிப் பெண்டைச் சுற்றியுள்ள மண் அரித்துப்போயிருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்டையார் மாணவி

சார், 28.6 எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகிவிட்டது. வேறொரு குழப்பம் மிஞ்சுகிறது. எங்கள் வகுப்பில் ஒருவர் கிழக்குத் திசைக்கு p2·A என்பதை நேர்க்குறியோடு எழுதியிருக்கிறார். நீர் கிழக்கே வெளியேறுவதால் அதன் அழுத்தமும் கிழக்கு நோக்கித்தானே இருக்கும் என்பது அவர் வாதம். அவருக்கு R_E = −112.5 என்று வந்தது. எண் ஏறக்குறைய அதே அளவில் இருப்பதால் அவர் தவறை ஒப்புக்கொள்ள மறுக்கிறார். குறி மட்டும்தான் மாறியிருக்கிறது என்கிறார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வளைவின் வெளிச்சுவரில் அழுத்தம் கூடுதலாகவும் உட்சுவரில் குறைவாகவும் இருக்கும் என்று படித்திருக்கிறோம். அதையும் எங்காவது கூட்ட வேண்டுமா?

பழைய பம்ப்ஹவுஸ்

கன்ட்ரோல் வால்யூமின் மேல் அழுத்தம் எப்போதும் வெளியிலிருந்து உள்நோக்கியே அழுத்தும். நீர் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்பதை அது பார்ப்பதில்லை. வெளியேறும் முகத்தில் நம் நீரை அழுத்துவது அதற்கு அப்பால் இருக்கும் நீர். அப்பால் இருக்கும் நீர் கிழக்கே இருக்கிறது. ஆகவே அது மேற்கு நோக்கித்தான் தள்ள முடியும். உந்தத்திற்குத் திசை தருவது வேகம். அழுத்தத்திற்குத் திசை தருவது வெட்டிய முகம். உங்கள் வகுப்புத் தோழர் வேகத்தின் திசையை அழுத்தத்திற்குக் கொடுத்துவிட்டார்.

"குறி மட்டும்தான்" என்ற அவர் வாதத்திற்கு ஓட்டத்தை நிறுத்திப் பார்க்கச் சொல்வதே பதில். Q சுழியம் என்று வைத்தால் இது நீர் நிரம்பி மூடிக்கிடக்கும் ஒரு பாத்திரம். அவர் கணக்கின்படி பெண்டு நீரைத் தெற்கேயும் மேற்கேயும் தள்ளும். அதாவது நீர் பெண்டை வடகிழக்கே தள்ளும். உள்ளே அழுத்தம் இருக்கும் வளைந்த குழாய் வெளிமூலையை நோக்கித்தான் போகும். இங்கே அது வடமேற்கு. அவருடைய விடையை நம்பி பிளாக் போட்டால், அது பெண்டு தள்ளாத பக்கத்தில் போய் நிற்கும்.

இந்தச் சோதனையை எந்தக் கணக்கிலும் செய்து பார்க்கலாம். ஓட்டத்தை நிறுத்தினால் 2pA sin(θ/2) மிஞ்ச வேண்டும். திருப்பத்தைச் சுழியமாக்கி நேர்க்குழாய் ஆக்கினால், சுவர் உராய்வைத் தவிர வேறு விசை மிஞ்சக்கூடாது. மேலே சொன்ன குறிப்பிழை இரண்டாவது சோதனையிலும் மாட்டும். நேரான குழாயில் 2pA என்ற விசை முளைத்து நிற்கும்.

உட்சுவர், வெளிச்சுவர் அழுத்த வேறுபாட்டைக் கூட்ட வேண்டியதில்லை. சுவரின் ஒவ்வொரு புள்ளியிலும் நீர் எப்படி அழுத்துகிறது என்பதன் மொத்தக் கூட்டுத்தொகைதான் R. அதை மறுபடியும் தனியே சேர்த்தால் ஒன்றையே இருமுறை எண்ணியதாகும். ஆனால் அந்த வேறுபாடு வேறொரு வழியில் உள்ளே நுழையும். பெண்டு வளையத் தொடங்கும் இடத்திலேயே குறுக்கே வெட்டினால், அந்த முகத்திலேயே அழுத்தம் ஒரு பக்கம் கூடியும் ஒரு பக்கம் குறைந்தும் இருக்கும். ஒரே p என்று எழுத முடியாது. எனவே, ஓட்டம் நேராகியிருக்கும் இடம் வரை சற்றுத் தள்ளிச் சென்று வெட்ட வேண்டும். நுழைவுப் பக்கம் ஒரு விட்டம் அளவு தள்ளினால் பெரும்பாலும் போதும். வெளியேறும் பக்கம் இன்னும் சற்று அதிகம் தேவைப்படும். உங்கள் கணக்கில் உந்தமே அரை விழுக்காடுதான் என்பதால் இதன் பாதிப்பு தெரியாது. லாரிக்காரரின் மேல் வளைவில் தெரியும்.

எண்ணூர் பைப்பிங்

நான் எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் குழாய்ப் பராமரிப்பில் இருக்கிறேன். எங்களிடம் இதே 600 மி.மீ. பெண்டு தரைக்கு மேலே இருக்கிறது. இரு பக்கமும் ஃபிளாஞ்ச். குளிர்நீர் 4 பாரில் போகிறது. பெண்டின் கீழே ஒரு கான்கிரீட் பீடம் உண்டு. பீடத்தின் ஆங்கர் போல்ட்டுகள் துருப்பிடித்துவிட்டன (உப்புக் காற்றில் இங்கே எந்த இரும்பும் நிலைப்பதில்லை). 160 கிலோநியூட்டனுக்குப் புதிய ஆங்கர் வடிவமைக்க வேண்டும் என்கிறார் ஒருவர். இவ்வளவு நாள் அந்தத் துருப்பிடித்த போல்ட்டுகளே தாங்கியிருக்கின்றன என்றால், பீடத்திற்கு விசையே வரவில்லை என்கிறார் இன்னொருவர். கன்ட்ரோல் வால்யூம் இதற்கு விடை சொல்லுமா?

பழைய பம்ப்ஹவுஸ்

பாதிதான் சொல்லும்.

ஃபிளாஞ்சில் வெட்டினால் நம் கோடு போல்ட்டுகளையும் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட ஒவ்வொன்றும் தன் விசையைக் கோட்டின் மேல் காட்டும். வடக்குத் திசையில் நமக்குத் தெரிந்தது 113.7 கிலோநியூட்டன் என்ற மொத்தம் மட்டுமே. அதைத் தாங்க மூவர் இருக்கிறார்கள்: நுழைவுக் குழாய் தன் போல்ட்டுகள் வழியே தெற்கே இழுக்கிறது, வெளியேறும் குழாய் பக்கவாட்டில் வளைந்து எதிர்க்கிறது, பீடம் தன் ஆங்கரால் பிடிக்கிறது. சமன்பாடு ஒன்று, தெரியாதவை மூன்று. எவ்வளவு கவனமாகக் கோடு வரைந்தாலும் பங்கீட்டை உந்தச் சமன்பாடு சொல்லாது. குழாயும் பீடமும் எவ்வளவு விறைப்பாக இருக்கின்றன என்பதே சொல்லும்.

நீளவாட்டில் 600 மி.மீ. எஃகுக் குழாய் மிக விறைப்பானது. அது அடுத்த நிலையான பிடிமானத்தில் கட்டப்பட்டிருந்தால் பெரும்பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும். எனவே உங்கள் இரண்டாம் நண்பர் சொல்வது நடக்கக்கூடியதே. ஆனால் அருகில் எங்காவது நீண்டு சுருங்கக்கூடிய ரப்பர் பெல்லோஸ் இணைப்பு இருந்து, அதற்குக் கட்டுக்கம்பி போடாமல் விட்டிருந்தால், அந்தப் பக்கக் குழாயால் இழுக்க முடியாது. அந்தத் திசையின் முழுச்சுமையும் பீடத்திற்கு வந்துவிடும். பெல்லோஸ் இருக்கிறதா?

எண்ணூர் பைப்பிங்

பம்ப் வாயில் ஒன்று இருக்கிறது. கட்டுக்கம்பிகள் இருக்கின்றன, ஆனால் நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அடுத்த நிறுத்தத்தில்தான் முடியும்.

மாதவரம் சைட்

நான் மேலே சொன்ன வாய்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் மீண்டும் எழுதுகிறேன். திறந்த வாய்க்கு அது பொருந்தாது என்பதை ஏற்கிறேன்; நான் பேசியது புதைகுழாய். புதைகுழாயில் 160 கிலோநியூட்டன் என்பதில் மாற்றம் உண்டா?

பழைய பம்ப்ஹவுஸ்

உண்டு. வாய்பாட்டில் இல்லை, அதற்குள் நீங்கள் போடும் p, A இரண்டிலும்.

முதலில் p. குழாயைப் பயன்பாட்டிற்கு விடும் முன் ஹைட்ரோ டெஸ்ட் செய்வீர்கள். 4 பாருக்கு ஒன்றரை மடங்கு என்றால் 6 பார். அப்போது ஓட்டம் இல்லை, உந்தம் இல்லை. ஆனாலும் விசை 240 கிலோநியூட்டன். பெண்டு தன் வாழ்நாளில் சந்திக்கும் பெரிய தள்ளல் பெரும்பாலும் நீர் அசையாமல் நிற்கும் அந்த நாளில்தான். பிளாக்கை அதற்குத்தான் வடிவமைக்க வேண்டும்.

அடுத்து A. நீங்கள் போடுவது சாக்கெட்டில் ரப்பர் ரிங்கோடு செருகும் டி.ஐ. குழாய் என்று நினைக்கிறேன். அதில் வெட்டை எங்கே வைப்பீர்கள்? ரப்பர் ரிங் இருக்கும் இடத்தில்தான் வைக்க முடியும். ஏனென்றால் அங்கேதான் ஒரு துண்டு முடிந்து மற்றொன்று தொடங்குகிறது. ரிங் உட்காருவது, உள்ளே செருகும் முனையான ஸ்பிகாட்டின் வெளிப்பரப்பில். அதற்கு உட்பட்ட இடம் முழுவதும், ஸ்பிகாட்டின் வெட்டுமுகமாகிய அந்த இரும்பு வளையமும் சேர்த்து, அழுத்த நீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே பரப்பை 600க்கு அல்ல, வெளிவிட்டத்திற்குக் கணக்கிட வேண்டும். 600 டி.ஐ. குழாயின் வெளிவிட்டம் 635 மி.மீ. பரப்பு 0.2827இலிருந்து 0.3167 ஆகிறது, 12 விழுக்காடு கூடுதல். டெஸ்ட் அழுத்தத்தில் விசை 269 கிலோநியூட்டன்.

உந்தத்தை விட்டதால் நீங்கள் இழந்தது அரை விழுக்காடு. அதில் நீங்கள் சரி. கோட்டை எங்கே வெட்டுகிறோம் என்று பாராததால் இழந்தது 12 விழுக்காடு. ஃபிளாஞ்ச் குழாயில் பங்கு போட ஆள் இருந்தது. செருகு இணைப்பால் நீளவாட்டில் இழுக்கவே முடியாது என்பதால், இங்கே முழுவதும் பிளாக்கின் தலையில்.

மாதவரம் சைட்

வெளிவிட்டம் பற்றி நீங்கள் சொல்வது தர்க்கமாக இருக்கிறது. எங்கள் வரைபடங்களில் எதை எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். ஆனால் டெஸ்ட்டுக்கு எல்லா பிளாக்கையும் பெரிதாக்குவது வீண் செலவு. டெஸ்ட்டின்போது பெண்டுக்குப் பின்னால் தற்காலிகமாக ஜாக் வைத்து முட்டுக்கொடுப்போம்; சில மணி நேரம்தானே.

பழைய பம்ப்ஹவுஸ்

ஜாக் எதன் மேல் முட்டுகிறது? அதே மண்ணின் மேல்தானே. அதற்கும் அகலமான தாங்குபலகை வேண்டும். செலவு குறைந்தால் நல்லதுதான், ஆனால் அந்த மண்ணின் தாங்குதிறனைத் தனியாகப் பார்த்திருக்க வேண்டும்.

எண்ணூர் பைப்பிங்

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கத்திவாக்கம், எண்ணூர்ப் பக்கம் சற்று ஆழமாகத் தோண்டினாலே குழியில் நீர் ஊறிவிடும். எல்லாம் கடல் மணல். நிலத்தடி நீரும் பெண்டை வெளியிலிருந்து அழுத்துகிறதே, அதைக் காற்றைப் போலக் கழித்துக்கொள்ளலாமா?

பழைய பம்ப்ஹவுஸ்

கழிக்கலாம், ஆனால் ஆதாயம் சொற்பம். குழாயின் மையத்திற்கு மேலே ஒரு மீட்டர் நீர் நின்றால் 9.8 கிலோபாஸ்கல், அதனால் ஒவ்வொரு திசையிலும் குறைவது 3 கிலோநியூட்டன். மறுபக்கம் இழப்புதான் பெரிது. நீரில் மூழ்கிய மணலின் பயனுறு எடை, ஈரமணலின் எடையில் ஏறத்தாழப் பாதி; பிளாக்குக்குப் பின்னால் மண் தரும் எதிர்ப்பும் அதற்கேற்பக் குறையும். கோடையில் தோண்டிப் பார்த்து வடிவமைத்த பிளாக் ஐப்பசி மழைக்குப் பிறகு அதே மண்ணில் நிற்பதில்லை.

மாதவரம் சைட்

பாதியாகக் குறையும் என்பதை அப்படியே ஏற்க மாட்டேன். பிளாக்கின் அடியில் வரும் உராய்வையும், மேலே நிரப்பும் மண்ணின் எடையையும் சேர்த்தால் இழப்பு அவ்வளவு இராது.

பழைய பம்ப்ஹவுஸ்

அடி உராய்வு பிளாக்கின் எடையைப் பொறுத்தது. அந்தக் கான்கிரீட்டும், மேலே நிரப்பிய மண்ணும் அதே நீரில் மூழ்கித்தானே கிடக்கும்? உங்கள் பிளாக்கின் அளவுகளையும் நீர்மட்டத்தையும் இங்கே எழுதுங்கள். 269 கிலோநியூட்டனை வைத்து இருவரும் தனித்தனியே போட்டுப் பார்ப்போம்.

தண்டையார் மாணவி

அளவுகளைப் போடும்போது எனக்கும் சொல்லுங்கள் சார். தோழியும் நானும் மானி அழுத்தத்தையே வைத்து, 45 டிகிரி பெண்டுக்கும் 600இலிருந்து 450 ஆகக் குறுகும் பெண்டுக்கும் போட்டுக்கொண்டிருக்கிறோம். குறுகும் பெண்டில் A1, A2 வேறாவதால் 2pA sin(θ/2) என்பதை எழுதவே முடியவில்லை. இரு முகங்களையும் தனித்தனியே எழுத வேண்டியிருக்கிறது. ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தபோது விசை வெளிமூலைக்கு நேராகப் போகாமல் பெரிய வாய்க்கு எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்ந்து வந்தது. A2 சிறியதாக இருப்பதால் அப்படித்தான் வரும் என்று நினைக்கிறோம்.

பழைய பம்ப்ஹவுஸ்

அப்படித்தான் வரும். பிளாக்கையும் அந்தச் சாய்வுக்கு ஏற்பத் திருப்பிப் போட வேண்டும். இனி ஓட்டத்தைத் திறந்துவிட்டு p2ஐக் கண்டுபிடியுங்கள்; குறுகிய வாயில் வேகம் கூடுவதால் p2 என்பது p1 ஆக இராது.